குண்டு ஒன்று, கணக்கு இரண்டு

குண்டு எறியும் வீரரின் கையிலிருந்து இரும்புக் குண்டு வினாடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில், கிடைமட்டத்திலிருந்து 37 டிகிரி மேல்நோக்கிக் கிளம்புகிறது. அப்போது அது தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கே போய் விழும்?

பதினோராம் வகுப்பு மாணவர்கள் பலர் உடனே u² sin 2θ / g என்று எழுதி, 15 மீட்டர் என்று விடை சொல்லிவிடுவார்கள். அந்தச் சூத்திரம் கிளம்பிய உயரத்திலேயே வந்து விழும் பொருளுக்கு மட்டுமே பொருந்தும். இங்கே குண்டு 2 மீட்டர் கூடுதலாக இறங்க வேண்டியிருக்கிறது.

கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் காட்டிய வழி இதற்குக் கைகொடுக்கும். எறியப்பட்ட பொருள் ஒரே நேரத்தில் இரண்டு பயணங்கள் போகிறது. முன்னோக்கிய பயணத்தை எதுவும் தடுப்பதில்லை. அதனால் அந்த வேகம் மாறுவதில்லை. மேல்நோக்கிய பயணத்தைப் புவியீர்ப்பு இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றின் கணக்கில் மற்றது தலையிடுவதில்லை. இரண்டுக்கும் பொதுவானது நேரம் மட்டும்.

முதலில் வேகத்தைப் பிரிப்போம். சாய்வு கிடைமட்டத்திலிருந்து அளக்கப்பட்டிருப்பதால் கிடைமட்டக் கூறு 12.5 × cos 37° = 10; செங்குத்துக் கூறு 12.5 × sin 37° = 7.5. (சாய்வைச் செங்குத்துக் கோட்டிலிருந்து கொடுத்திருந்தால் இரண்டும் இடம் மாறும். மதிப்பெண் அதிகம் போகும் இடம் இதுதான்.) புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது செங்குத்துப் பயணத்தை மட்டும் பார்ப்போம். வினாடிக்கு 10 வீதம் குறைந்தால் 7.5 என்ற வேகம் 0.75 வினாடியில் தீர்ந்துவிடும். அதற்குள் குண்டு 7.5² / 20, அதாவது சுமார் 2.81 மீட்டர் ஏறியிருக்கும். கை இருந்த 2 மீட்டரையும் சேர்த்தால் உச்சி 4.81 மீட்டர். அந்த உச்சியில் குண்டு நின்றுவிடுவதில்லை. முன்னோக்கிய 10 அப்படியே இருக்கிறது.

அங்கிருந்து தரைக்கு இறங்க √(2 × 4.81 / 10), அதாவது 0.98 வினாடி. ஏறியதும் இறங்கியதும் சேர்ந்து 1.73 வினாடி. இந்த நேரத்தைக் கிடைமட்ட வேகத்தால் பெருக்கினால் 17.3 மீட்டர். சூத்திரத்தை மட்டும் நம்பியவர் 2 மீட்டருக்கும் மேல் இழந்திருப்பார்.

விடை சரியா என்று பார்க்க ஆற்றல் உதவும். தரையைத் தொடும்போது செங்குத்து வேகம் 9.8, அதன் வர்க்கம் சுமார் 96. கிடைமட்ட வேகத்தின் வர்க்கம் 100. கூட்டினால் 196. தொடக்க வேகத்தின் வர்க்கமான 156 உடன் 2 × 10 × 2 = 40 சேர்ந்தாலும் அதே 196 வருகிறது.

சாய்வை 45 டிகிரி ஆக்கினால்? 17.4 மீட்டர் கிடைக்கும். ஆனால் 42 டிகிரியில் 17.5 வருகிறது. விழும் இடம் தாழ்ந்திருந்தால் சிறந்த சாய்வு 45க்குக் கீழே வந்துவிடும். தேர்ந்த வீரர்களோ இன்னும் தாழ்வாக, 37 டிகிரியை ஒட்டியே எறிகிறார்கள். செங்குத்தாகத் தள்ளத் தள்ளக் கையால் அதே வேகத்தைக் கொடுக்க முடிவதில்லை. நம் கணக்கோ வேகம் எந்தச் சாய்விலும் மாறாது என்று எடுத்துக்கொண்டது.