ஒரே பார்ட்டிஷனில் குவியும் சுமை

பெரிய கீ-வேல்யூ டேட்டாபேஸ்கள் தரவைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்துப் பல கணினிகளில் வைக்கின்றன. எந்தப் பதிவு எங்கே போகும் என்பதை அதன் பார்ட்டிஷன் கீ தீர்மானிக்கிறது. கீயை ஹாஷ் சார்பு ஓர் எண்ணாக மாற்ற, அந்த எண்ணுக்குரிய பார்ட்டிஷனில் பதிவு சேர்கிறது. வெவ்வேறு கீகளை ஹாஷ் நன்றாகவே பரப்பும். ஆனால் ஒரே கீக்கு எப்போதும் ஒரே எண்தான் கிடைக்கும். எல்லோரும் ஒரே கீயைக் கேட்டால் சுமை முழுவதும் ஒரே இடத்தில் விழும். இதையே ‘ஹாட் பார்ட்டிஷன்’ என்கிறார்கள்.

அமேசானின் டைனமோடிபியில் ஒரு பார்ட்டிஷன், 1 கேபிக்கு மிகாத பதிவுகளை நொடிக்கு 1,000 வரைதான் எழுதும். ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கான மீட்டர்களின் அளவீடுகளை ஒரு டேபிளில் சேர்ப்பதாகக் கொள்வோம். பார்ட்டிஷன் கீ தேதி. அதற்குள் பதிவுகளை வரிசைப்படுத்தும் சார்ட் கீ, நேரமும் அதன்பின் மீட்டர் எண்ணும் சேர்ந்தது. நொடிக்கு 4,000 பதிவுகள் வருகின்றன. டேபிளுக்கு 5,000 ஒதுக்கப்பட்டிருக்கிறது. கணக்குப்படி தட்டுப்பாடே இல்லை. ஆனால் இன்று வரும் அத்தனை பதிவுகளுக்கும் கீ ஒன்றே என்பதால், நொடிக்குச் சுமார் 3,000 பதிவுகள் திருப்பி அனுப்பப்படுகின்றன. மற்ற பார்ட்டிஷன்கள் சும்மா கிடக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. மொத்தப் பயன்பாடு ஒதுக்கீட்டைவிடக் குறைவாக இருக்கும்போதே `ProvisionedThroughputExceededException` என்ற பிழை தொடர்ந்து வரும். எந்தக் கீ நெரிசலில் சிக்கியது என்பதைக் கான்ட்ரிபியூட்டர் இன்சைட்ஸ் வசதி காட்டும். ஒதுக்கீட்டை 10,000 ஆக்கினாலும் பயனில்லை. பார்ட்டிஷனின் வரம்பு மாறாது. சூடான பார்ட்டிஷனை டைனமோடிபி தானே இரண்டாகப் பிளப்பதும் உண்டு. ஆனால் சார்ட் கீ நேரத்தில் தொடங்கினால் புதிய பதிவுகள் எப்போதும் கடைசிப் பகுதிக்கே போகும். எனவே பிளந்தும் சுமை குறையாது.

சரியான தீர்வு கீயை மாற்றுவது. மீட்டர் எண்ணைப் பார்ட்டிஷன் கீயாகவும் நேரத்தைச் சார்ட் கீயாகவும் வைத்தால் சுமை ஆயிரக்கணக்கான கீகளுக்குப் பரவும். ஒரு மீட்டரின் வரலாற்றை ஒரே கேள்வியில் எடுக்கலாம்.

ஒரு நாளின் எல்லாப் பதிவுகளும் சேர்ந்து வேண்டுமென்றால், தேதியோடு 0 முதல் 9 வரை ஓர் எண்ணை ஒட்டலாம்: `2025-03-14#7`. ஒவ்வொரு கீக்கும் நொடிக்குச் சுமார் 400 பதிவுகளே வரும். அதற்கு விலை, படிக்கும்போது பத்துக் கீகளையும் தனித்தனியே கேட்டு விடைகளை ஒன்றுசேர்க்க வேண்டும். அந்த எண்ணை மீட்டர் எண்ணிலிருந்தே கணக்கிட்டால், ஒரு மீட்டரின் பதிவைத் தேட ஒரு கீ போதும்.

தேதியை இண்டெக்ஸின் கீயாக வைத்துத் தப்பிக்கவும் முடியாது. இண்டெக்ஸுக்கும் இதே வரம்பு உண்டு. அது நெரிந்தால் மூல டேபிளில் எழுதுவதும் தடைபடும். ஆகவே கீயைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை வெவ்வேறு மதிப்புகள் உண்டு என்பதோடு, ஒரே நொடியில் அவற்றில் எத்தனை பயன்படும் என்பதையும் பார்க்க வேண்டும்.