950 ரூபாய்க்கு வாங்கிய கடன் பத்திரம்: 1,000 ரூபாய் எங்கிருந்து வரும்?

1,000 ரூபாய் முகமதிப்புள்ள கடன் பத்திரத்தை 950 ரூபாய்க்குக் கொடுத்தால் வாங்குபவருக்கு லாபமாகத்தான் படும். பங்குகளை இப்படிக் கழிவில் வெளியிடக் கம்பெனிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. கடன் பத்திரங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அந்த 50 ரூபாய் தள்ளுபடி அல்ல, கடைசியில் தருவதாகச் சொல்லும் வட்டி.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு நிறுவனம் 10,000 பத்திரங்களை இப்படி வெளியிடுகிறது. கையில் வருவது 95 லட்சம். வட்டி முகமதிப்புக்கு 9 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 9 லட்சம். ஐந்தாம் ஆண்டு முடிவில் திருப்பித் தர வேண்டியது ஒரு கோடி. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நிறுவனத்துக்கு இந்தக் கடன் ஏறக்குறைய 10.3 சதவீத வட்டிக்குச் சமம். இவ்வளவு கொடுக்க ஏன் முன்வருகிறார்கள் என்று விசாரிப்பதில் தப்பில்லை.

அந்த ஒரு கோடியைச் சேர்க்க வைப்பதுதான் சிங்கிங் ஃபண்ட். 7 சதவீதம் தரும் முதலீடு கிடைத்தால், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 17.39 லட்சம் ஒதுக்கி வெளியே முதலீடு செய்ய வேண்டும். நான்காம் ஆண்டு முடிவில் 77.21 லட்சம் இருக்கும்; ஐந்தாம் ஆண்டில் ஒரு கோடி. இலக்கு முகமதிப்புதான். வந்தது 95 லட்சம்தானே என்று அதற்கு மட்டும் சேர்த்தால் முடிவில் 5 லட்சம் துண்டு விழும்.

பலர் ஏமாறுவது வேறோர் இடத்தில். இருப்புநிலைக் குறிப்பில் 'கடன் பத்திர மீட்பு ஒதுக்கம்' என்று ஒரு வரி இருந்தாலே பணம் பத்திரமாக இருப்பதாக நினைக்கிறார்கள். அது லாபத்தைப் பங்காதாயமாகப் பிரித்துவிடாமல் தடுக்கும் கணக்குப் பதிவு மட்டுமே. பணம் தொழிலிலேயே கிடங்குச் சரக்காகவோ இயந்திரமாகவோ முடங்கியிருக்கலாம். சொத்துப் பக்கத்தில் அதே அளவுக்கு அரசுப் பத்திரமோ வங்கி வைப்போ தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

சட்டம் முழுத்தொகைக்கும் காவல் நிற்கிறது என்றும் எண்ண வேண்டாம். 2019 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டபின், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு அந்த ஒதுக்கமே கட்டாயமில்லை. பட்டியலிடாத சாதாரண நிறுவனங்களுக்கு நிலுவையில் 10 சதவீதம்தான். பொது வெளியீடு செய்த பட்டியலிட்ட நிறுவனம், அடுத்த மார்ச் 31க்குள் முதிரும் தொகையில் 15 சதவீதத்தை ஏப்ரல் 30க்குள் முதலீடு செய்தால் போதும். மீதி 85 சதவீதத்துக்கு நிறுவனத்தின் வரவு செலவே துணை.

முதிர்வு நாளில் அசலோ, உரிய நாளில் வட்டியோ வராவிட்டால் முதலில் டிபென்ச்சர் டிரஸ்டிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பெயரும் முகவரியும் வெளியீட்டு ஆவணத்தில் இருக்கும். பட்டியலிட்ட பத்திரமென்றால் செபியின் SCORES தளத்திலும் புகார் பதியலாம். கம்பெனிச் சட்டம் 71(10) பிரிவின்படி, டிரஸ்டியோ பத்திரம் வைத்திருக்கும் ஒருவரோகூட தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். அசலையும் வட்டியையும் உடனே தரும்படி தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். பத்திரச் சான்று அல்லது டீமேட் அறிக்கை, வட்டி வரவு காட்டும் வங்கிக் கணக்கு, டிரஸ்டிக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஆகியவற்றைக் கையோடு வைத்திருங்கள்.