வெட்டலாம், எழுதித் தரக் கூடாது: குரல் பதிவிலிருந்து மேடை உரைக்கு



இன்று ஒரே ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறோம். பொது விசாரணைகளில் பாதிக்கப்பட்டவர் பேச மூன்று நிமிடம் தருகிறார்கள், சில இடங்களில் இரண்டு. அவர் நமக்கு அனுப்பியிருக்கும் வாய்ஸ் நோட்டோ பதினோரு நிமிடம் ஓடுகிறது. அதில் மாமியார் வருகிறார், பக்கத்து வீட்டுச் சண்டை வருகிறது, நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. அந்தப் பதினொன்றை மூன்றாக்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் வாயில் அது அவருடைய பேச்சாகவே இருக்கவும் வேண்டும். இதை நம் அமைப்புகளில் பெரும்பாலும் ஒரு மாணவரிடம் தள்ளிவிடுகிறோம். அவர் ஒரு மணி நேரத்தில் 'சுத்தமாக' எழுதிக் கொண்டுவருகிறார். அந்தச் சுத்தத்தில்தான் சிக்கல்.

பக்கத்து மாநிலத்தில் நடந்ததை முதலில் பார்ப்போம். பாலியல் தொழிலாளியான நளினி ஜமீலாவின் தன்வரலாறு 2005இல் மலையாளத்தில் வந்தது. அவர் சொல்ல, ஒரு செயல்பாட்டாளர் எழுத்தாக்கினார். புத்தகம் வேகமாக விற்றது, பெரும் விவாதமும் எழுந்தது. ஆனால் அந்த வடிவம் ஜமீலாவுக்கு நிறைவாக இல்லை. வேறு நண்பர்களின் துணையோடு அதே ஆண்டில் தன் கதையைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். ஜெ. தேவிகா 2007இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான். சொன்னவர் உயிரோடும் விடாப்பிடியோடும் இருந்ததால் இது நடந்தது. நம்மிடம் பேசுகிறவர்கள் பலருக்கு இரண்டாம் பதிப்பு கிடையாது. மூன்று நிமிடம் முடிந்தால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இது எந்தத் தனி மனிதருடைய பதிவும் அல்ல. நாம் இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்கிற பேச்சை வைத்து இந்த உரைக்காக அமைத்தது. பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலிருந்து பெரும்பாக்கம் அடுக்ககத்துக்கு அனுப்பப்பட்ட ஓர் அக்கா. வீட்டு வேலை செய்கிறவர். "வீடு கிடைச்ச பிறகு என்ன மாறிச்சு அக்கா?" என்று மாணவர் கேட்டிருக்கிறார். பதில் இப்படிப் போகிறது:

"அது இன்னான்னா தம்பி, நாங்க வந்து கால்வா ஓரத்துல தான் இருந்தோம், எங்க மாமியா காலத்துல இருந்து. மாமியாருக்கு அப்பவே கண்ணு தெரியாது, அது வேற கதை. ஒரு நா காலையில வந்தாங்க. வந்து, இந்த மாதிரி, காலி பண்ணணும்னாங்க. நான் அபிராமபுரத்துல மூணு வூட்டுல வேல செய்றேன், மூணு வூடு, அதுல ஒரு டாக்டரம்மா நல்லவங்க, அவங்க தான் இந்த போனு வாங்கிக் குடுத்தாங்க. பெரும்பாக்கத்துல வூடு குடுத்தாங்க. வூடு குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. ஏழாவது மாடி. லிப்டு இருக்குது. இருக்குதுன்னா இருக்குது (சிரிக்கிறார்). காலைல நாலு மணிக்கு எழுந்துக்கணும், ஆறரைக்குள்ள மொத வூட்டுல இருக்கணும் இல்ல. ரெண்டு வூடு போயிடுச்சி. பொண்ணு எட்டாவது படிக்குது, அதுக்கு ஸ்கூலு இங்கயே தான், அதுவும் என்கூட நாலு மணிக்கு எழுந்துக்குது. பஸ்ஸுல தூங்கிடும். அப்புறம் இன்னா கேட்ட?"

இதை மாணவர் சுத்தம் செய்தால் இப்படி வரும்: "பல்லாண்டுகளாகக் கால்வாய்க் கரையில் வசித்து வந்த எங்களை அதிகாரிகள் வலுக்கட்டாயமாக அப்புறப்படுத்தினர். எங்கள் வாழ்வாதாரம் பறிக்கப்பட்டுள்ளது. என் மகளின் கல்வி பாதிக்கப்பட்டுள்ளது." ஒவ்வொரு வாக்கியமும் நியாயமானதுதான், ஆனால் எதுவும் அந்த அக்கா சொன்னதில்லை. 'வலுக்கட்டாயம்' என்ற சொல் பதிவிலேயே கிடையாது. குழுவில் ஒருவர் "எப்படிம்மா வலுக்கட்டாயம்? யார் கை வைத்தது?" என்று கேட்டால் அவர் திகைத்து நிற்பார். 'வாழ்வாதாரம்' நம் துண்டறிக்கையின் சொல். அதே துண்டறிக்கையைக் குழுவினரும் காலையிலிருந்து பத்து வாயில் கேட்டிருப்பார்கள். பஸ்ஸில் தூங்கும் பெண்ணை அவர்கள் வேறு எங்கும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனவே வேலையை வெட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். பதிவை ஒருமுறை முழுசாக, கையில் பேனா இல்லாமல் கேட்க வேண்டும். பிறகு வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறோம். இழுப்பு, சிரிப்பு, நிறுத்தம், அது எத்தனையாவது நிமிடம் என்பது எல்லாமே அதில் இருக்க வேண்டும். பதினோரு நிமிடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், பிடிக்கட்டும். இந்த எழுத்துப்படியின் மேல் பென்சிலால் அடிக்கிறோம். அடித்துத் தீரும்வரை புதிதாக ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. மூன்று நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதற்கும் பொதுக் கணக்கு வேண்டாம். அவருடைய பதிவிலேயே ஒரு நிமிடத்துச் சொற்களை எண்ணி மூன்றால் பெருக்கி, மூச்சு விடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

எதை அடிப்பது? 'இன்னான்னா', 'வந்து', 'இந்த மாதிரி' எல்லாம் அடுத்த சொல்லைத் தேடும்போது கால் ஊன்றிக்கொள்கிற இடங்கள். காகிதத்தில் அவை தேவையில்லை. ஆனால் திரும்பச் சொல்வதெல்லாம் அப்படி இல்லை. "மூணு வூட்டுல வேல செய்றேன், மூணு வூடு" என்பதில் இரண்டாவது 'மூணு வூடு' யோசிக்கும் நேரம்தான். "வூடு குடுத்தாங்க. வூடு குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல" என்பது வேறு. முதலாவது தகவல், இரண்டாவது வாதம். 'நான் நன்றி கெட்டவள் இல்லை, ஆனாலும் கேளுங்கள்' என்று குழுவிடம் சொல்கிற இடம் அது. சந்தேகம் வந்தால் அடித்துவிட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அடுத்த வாக்கியம் அந்தரத்தில் தொங்கினால் அடித்ததைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

டாக்டரம்மா போக வேண்டும். அபிராமபுரம், டாக்டர், போன் வாங்கித் தந்தவர் என்ற மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மிஞ்சியிருக்கும் ஒரு வேலையும் அதில் போய்விடக்கூடும். மாமியாரின் கண் பற்றி அவரே 'அது வேற கதை' என்று கோடு போட்டுக் காட்டிவிட்டார். ஆனால் இந்த இடத்தில் நாம் உடனே அடிப்பதில்லை, ஒரு கேள்வியாகக் குறித்து வைக்கிறோம். கண் தெரியாத ஒருவர் இப்போதும் அந்த ஏழாவது மாடியில் இருக்கிறாரென்றால், வேறு கதை என்று ஒதுக்கியதுதான் முதல் கதை. நம் மக்கள் பெரியதைச் சின்னக் குரலில் சொல்லிக் கடந்துபோகிற வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?

சிரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். பாண்டிச்சேரிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த பறையர் சமூகத்துக் கூலிப் பெண் வீரம்மா 1980களில் தமிழில் சொன்ன வாழ்க்கையை ஜோசியான் ரசீன் ஒலிநாடாக்களில் பதிந்தார். அது முதலில் 1995இல் பிரெஞ்சில் நூலானது. அடிமைப்பட்டோரின் சிரிப்பு என்ற பொருளில் அதற்குத் துணைத்தலைப்பு வைத்தார்கள். தொகுப்பவர்கள் முதலில் துடைத்தெறிவது இந்தச் சிரிப்பைத்தான், துயரக் கதையில் அது பொருந்தவில்லை என்று நினைத்து. "லிப்டு இருக்குது. இருக்குதுன்னா இருக்குது" என்பதைச் சிரிப்பு இல்லாமல் எழுதினால் லிப்ட் ஓடுகிறது என்று பதிவாகிவிடும். சிரிப்போடு கேட்டால்தான் அது ஓடாத லிப்ட். ஆகவே உரையில் அந்த இடத்தில் ஒரு குறி போடுகிறோம்: நிறுத்தவும்.

அடித்து முடித்ததும் ஓட்டைகள் தெரியும். இந்தப் பதிவில் இரண்டு. 'வந்தாங்க' என்றால் யார் வந்தது? 'ரெண்டு வூடு போயிடுச்சி' என்றால் இடிந்ததா, வேலை போனதா? நமக்குப் புரியும், குழுவுக்குப் புரியாது. 'மூணு வூட்டுல வேல செய்றேன்' என்று நிகழ்காலத்தில் வேறு சொல்லியிருக்கிறார். இதை நாமே சரிசெய்யாமல் அவருக்குப் போன் செய்து, பதிவை ஓடவிட்டுக் கேட்கிறோம். "வேல தான் தம்பி. அப்ப மூணு, இப்ப ஒண்ணு" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் பத்துச் சொல்லில் எழுதியிருப்பதை அவர் நாலில் முடித்துவிட்டார். யார் வந்தது என்று அவருக்குத் தெரியாவிட்டால் உரையில் 'வந்தாங்க' என்றே இருக்கட்டும். செய்தித்தாளைப் பார்த்துத் துறையின் பெயரை அவர் வாயில் வைக்கக் கூடாது. அது நம் அமைப்பின் மனுவில் வர வேண்டியது.

மாமியார் இப்போது இல்லை என்று தெரிந்ததும் அந்த வரியையும் எடுக்கிறோம். வேலை பற்றிய வரியை மட்டும் இடம் மாற்றுகிறோம்:

"கால்வா ஓரத்துல தான் இருந்தோம், எங்க மாமியா காலத்துல இருந்து. ஒரு நா காலையில வந்தாங்க. காலி பண்ணணும்னாங்க. பெரும்பாக்கத்துல வூடு குடுத்தாங்க. வூடு குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. ஏழாவது மாடி. லிப்டு இருக்குது. இருக்குதுன்னா இருக்குது. (நிறுத்தவும்) அபிராமபுரத்துல வூட்டு வேல செய்றேன். அப்ப மூணு, இப்ப ஒண்ணு. காலைல நாலு மணிக்கு எழுந்துக்கணும், ஆறரைக்குள்ள வேலைல இருக்கணும் இல்ல. பொண்ணு எட்டாவது படிக்குது, அதுக்கு ஸ்கூலு இங்கயே தான், அதுவும் என்கூட நாலு மணிக்கு எழுந்துக்குது. பஸ்ஸுல தூங்கிடும்."

'வூட்டு', 'வேலைல' என்ற இரண்டு மட்டும் நாம் வைத்தவை. பழைய 'மொத வூட்டுல' இப்போது பொருந்தாது, ஒரு வீடுதானே மிச்சம். இந்த இரண்டின் கீழும் கோடு போட்டு வைக்கிறோம், அவரிடம் காட்டிச் சம்மதம் கேட்பதற்காக. கேள்வியை எடுத்துவிட்டதால் 'அப்புறம் இன்னா கேட்ட?' என்பதும் போகிறது. கேள்வியை எடுப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். ரிகொபெர்தா மெஞ்சுவிடம் 1982இல் பாரிஸில் பதிவு செய்த எலிசபெத் புர்கோஸ், தன் கேள்விகளை எல்லாம் நீக்கி ஒரே தனிப்பேச்சாக ஆக்கியதை முன்னுரையில் வெளிப்படையாகச் சொன்னார். நாமும் எழுத்துப்படியின் தலைப்பில் நாம் கேட்டதை எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கூலைப் பற்றி அவர் தானாகப் பேசினாரா, நாம் தூண்டினோமா என்று பிறகு நமக்கே தெரியாது. புர்கோஸ் இன்னொன்றும் செய்தார். ஸ்பானிய மொழியைப் புதிதாகக் கற்றிருந்த மெஞ்சுவின் இலக்கணப் பிழைகளைத் திருத்தினார், விட்டுவைத்தால் வேடிக்கைப் பொருளாகிவிடும் என்று. நம் அக்காவுக்கு இது பொருந்தாது. அவர் பேசுவது பிறந்த மொழி, அதில் பிழை கிடையாது. ஆனால் வேடிக்கையாகும் ஆபத்து மறுபக்கத்திலிருந்து வருகிறது. அவர் 'வேல' என்றால் 'வேல', 'குடுத்தாங்க' என்றால் 'குடுத்தாங்க'. சென்னைத் தமிழ் என்று காட்டுவதற்காக 'குடுத்தாங்கோ' ஆக்குவது சினிமா வேலை.

கடைசியாக, உரையை அவரிடம் படித்துக் காட்டி "சரியா இருக்கா அக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்குது தம்பி" என்றுதான் சொல்வார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மரியாதைக்குச் சொல்வது அது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, அவரையே இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நம் சொல் நுழைந்திருக்கிறது, எடுத்துவிடுங்கள். எதைத் திரும்பச் சேர்க்கிறாரோ அதை நாம் தவறாக வெட்டியிருக்கிறோம். அந்த டாக்டரம்மாவையே அவர் மறுபடி சேர்த்தால் ஆபத்தைச் சொல்லுங்கள், முடிவு அவருடையது. பிறகு முழுப் பதிவையும், அடிக்காத எழுத்துப்படியையும், இறுதி உரையையும் அவர் போனுக்கே அனுப்பிவிடுங்கள். எழுத்துப் படிக்காதவராக இருந்தால் அவர் மகளை வைத்துக்கொண்டு மூன்றையும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், அந்தப் பெண் தூங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.