நிறுவனர் முகம் சின்னமாகும்போது: டிசைனருக்கு எழுதும் கடிதம்

ஒரு நிறுவனத்தின் பொட்டலத்திலும் பெயர்ப்பலகையிலும் விளம்பரத்திலும் தொடர்ந்து வந்து, அந்த நிறுவனமாகவே மக்கள் மனதில் பதிந்துவிடும் வரைபடப் பாத்திரத்தை மாஸ்காட் என்பார்கள். சிறு தொழில் நடத்தும் குடும்பங்களில் பலருக்கு அந்தப் பாத்திரம் கடையைத் தொடங்கிய தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருக்க வேண்டும் என்று ஆசை. பெரும்பாலும் ஒரு புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இதை மாஸ்காட்டா பண்ணிக் குடுங்க’ என்று ஒரு வரி எழுதுவதோடு வேலை ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது. பத்து நாளில் மீசை வைத்த ஒரு சிரித்த முகம் வந்து சேரும். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது எந்த ஊர் எந்தக் கடைத் தாத்தாவாகவும் இருக்கலாம்.

குறை டிசைனரின் கையில் இல்லை. புகைப்படத்தில் ஒரு முகத்தின் எல்லா விவரமும் இருக்கிறது. மாஸ்காட்டில் நான்கைந்து அடையாளங்களுக்குத்தான் இடம். எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்பதை அந்த மனிதரோடு பழகியவர்களால்தான் சொல்ல முடியும். அதைச் சொல்வதற்காகத்தான் கடிதம்.

நிறுவனர் முகத்தையே சின்னமாக்கியவற்றில் உலகம் முழுக்கத் தெரிந்தது கேஎஃப்சி. அமெரிக்காவின் ஹார்லண்ட் சாண்டர்ஸ் 1964-இல் தன் தொழிலை விற்றுவிட்டார், 1980-இல் காலமானார். அவர் முகம் மட்டும் இன்றும் கடை வாசலில் இருக்கிறது. அந்தச் சின்னம் பலமுறை மாற்றி வரையப்பட்டது. 2006-இல் வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சமையல்காரரின் சிவப்பு ஏப்ரனை மாட்டிவிட்டார்கள். அப்போதும் கண்ணாடி, குறுந்தாடி, கழுத்தில் கட்டிய கறுப்பு நாடா ஆகிய மூன்றையும் யாரும் தொடவில்லை. சாண்டர்ஸே நரைத்த தலைமுடிக்குப் பொருந்தும்படி தாடியை வெளுக்க வைத்துக்கொண்டவர். பொது இடங்களுக்கு எப்போதும் வெள்ளை உடையிலேயே வந்தவர். பின்னால் வரைந்தவர்களுக்கு எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வியே எழவில்லை. கடைத்தெருத் தாத்தா அப்படித் தன்னைத் தயாரித்துக்கொள்ளவில்லை. அவருடைய அடையாளங்களைக் குடும்பத்தார்தான் தேடி எடுக்க வேண்டும்.

எப்படித் தேடுவது என்பதற்கு உளவியல் ஆய்வு ஒன்று வழி காட்டுகிறது. முகத்தைக் கோட்டோவியமாக்கி, சராசரி முகத்திலிருந்து அது எங்கெல்லாம் விலகுகிறதோ அங்கெல்லாம் அந்த விலகலை மிகைப்படுத்தும் கணினி நிரலை 1980-களின் தொடக்கத்தில் சூசன் பிரென்னன் உருவாக்கினார். கில்லியன் ரோட்ஸ், சூசன் கேரி ஆகியோருடன் சேர்ந்து அவர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய மனிதர்களின் மிகைப்படுத்திய கோட்டோவியங்களை, அச்சு அசலான கோட்டோவியங்களைவிட மக்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். விலகலைக் குறைத்து வரைந்த படங்களைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் ஆனது. ஒருவர் முகத்தை ‘லட்சணமாக’ ஆக்கப் போய்ப் பெரிய காதைச் சிறிதாக்கி, அடர்ந்த புருவத்தை மெலிதாக்கினால், அவரை அவராகக் காட்டுவதே அழிந்துபோகிறது. கடிதத்தில் ‘கம்பீரமாக, அன்பாக, நம்பிக்கை தருவதாக இருக்கட்டும்’ என்று எழுதினால் டிசைனருக்கு ஒன்றும் கிடைக்காது. எல்லாத் தாத்தாவுக்கும் பொருந்துகிற சொற்கள் அவை.

காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தொடங்கியவர் காலமாகிவிட்டார்; இப்போது பேத்தி நடத்துகிறார். அவர் டிசைனருக்கு எழுதும் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“மேடம், எங்கள் அப்பாருவை ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அவர் காதில் செருகியிருக்கும் பென்சிலைத்தான். வலது காது. கணக்கெழுதி முடித்ததும் தானாகக் கை அங்கே போகும். அடுத்தது புருவம், இரண்டும் நடுவில் கிட்டத்தட்டச் சேர்ந்திருக்கும், கடைசி வரை நரைக்கவில்லை. காது பெரிது, கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். கறுப்புச் சட்டம் போட்ட சதுரக் கண்ணாடி. மீசை கிடையாது, தயவுசெய்து வைக்க வேண்டாம். சிரித்தால் பல் தெரியாது. வலப்பக்க உதடு மட்டும் மேலே போகும். தோளில் துண்டு உண்டு, தலையில் கட்ட மாட்டார். வயது அறுபது போலத் தெரிய வேண்டும். கறுத்த மனிதர், அந்த நிறத்திலேயே வரையுங்கள்.”

இந்தப் பத்தியில் பாராட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாமே வரையக்கூடிய விவரங்கள், அதுவும் முக்கியத்துவ வரிசையில். இடம் சுருங்கும்போது துண்டை விடலாம், பென்சிலை விடக்கூடாது என்பது டிசைனருக்குச் சொல்லாமலே புரிந்துவிடும். நிறத்தைப் பற்றிய வரி மிக அவசியமானது. சொல்லாவிட்டால் இரண்டு மூன்று படி வெளுத்த முகம் வருவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அது அந்த மனிதருக்குச் செய்யும் அவமரியாதை, அடையாளமும் போய்விடும். திருநீறு, நாமம், பொட்டு உண்டா இல்லையா என்பதையும் குடும்பமே முடிவு செய்து எழுதிவிட வேண்டும், டிசைனரின் ஊகத்துக்கு விடக்கூடாது.

கூட அனுப்பும் புகைப்படங்களில் ஒன்று நேர்முகமாகவும் ஒன்று முக்கால்பக்கமாகவும் ஒன்று பக்கவாட்டாகவும் இருந்தால் நல்லது. ஒரே படத்தைப் பார்த்து வரைந்தால், பாத்திரம் திரும்பி நிற்கும்போது மூக்கும் தாடையும் கற்பனையாகிவிடும். கை நீட்டி எடுத்த செல்ஃபி இதற்கு ஆகாது. கேமரா முகத்துக்கு மிக அருகில் இருப்பதால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கித் தெரியும். காதுதான் முக்கிய அடையாளம் என்றால் வேலையே கெட்டது. நிறுவனர் உயிரோடிருந்தால் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி எடுக்க வேண்டும். காலமானவர் என்றால் பூஜையறையில் மாலை போட்டு மாட்டிய படத்தைத்தான் பலர் அனுப்புகிறார்கள். அந்தப் படம் பெரும்பாலும் ஸ்டூடியோவில் சுருக்கம் நீக்கி, வெளுக்க வைத்துப் பெரிதாக்கியது. கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருக்கும் மங்கலான படம் அதைவிட உண்மையானது.

கடிதத்தின் அடுத்த பகுதி, சின்னம் எங்கெல்லாம் வரப்போகிறது என்பது. இதை விட்டுவிடுவதால்தான் பிறகு அதிகச் செலவு வருகிறது. எண்ணெய்க் கடைக்குப் பாட்டில் லேபிள், அட்டைப்பெட்டி, ரசீதுக்கான ரப்பர் முத்திரை, வாட்ஸ்அப் வட்டப்படம், கடைச்சுவர் எல்லாம் உண்டு. அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் ஒரே நிறத்தில்தான் அச்சிடுவார்கள். பிளாஸ்டிக் கவருக்கான ஃபிளெக்ஸோ அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிளேட் செய்ய வேண்டும். நிறம் கூடினால் செலவு கூடும். பிளேட்டுகள் இம்மியளவு விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். எனவே மூன்று நிறத்துக்குள் ஒரு வடிவம், ஒரே கறுப்பில் ஒரு வடிவம் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கறுப்பில் முகம் நின்றால் நிறத்திலும் நிற்கும். நிறத்தை நம்பி வரைந்த முகம் முத்திரையில் அப்பிய மையாகிவிடும். கறுத்த முகத்துக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். ஒற்றை நிறத்தில் முகம் முழுவதையும் மையால் நிரப்பினால் புருவமும் கண்ணாடியும் காணாமல் போகும். அங்கே முகத்தைக் கோட்டில் விட்டு, புருவம், கண்ணாடிச் சட்டம், பென்சில் ஆகியவற்றை மட்டும் அடர்த்தியாக்குவார்கள்.

மிகச் சிறிய அளவையும் எண்ணாகவே எழுத வேண்டும். நூறு மில்லி பாட்டிலில் முகத்துக்குக் கிடைப்பது பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலம் என்றால் அதுதான் டிசைனரின் எல்லை. வந்த வரைபடத்தை அதே அளவில் சாதாரணத் தாளில் கறுப்பில் அச்சிட்டு, கை நீளத்தில் பிடித்துப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். சிறு அளவில் வடிவங்கள் வேறொன்றாகவும் தெரியக்கூடும். கேஎஃப்சி சின்னத்தில் கழுத்து நாடாவைப் பெரிய தலைக்குக் கீழே தொங்கும் குட்டி உடம்பாகப் பார்த்தவர்கள் உண்டு. நம் அப்பாருவின் பென்சில் அந்த அளவில் பீடியாகத் தெரியக்கூடும். முனையைக் கூராக்கி, நிறத்தையும் மாற்றிவிட்டால் அந்தச் சந்தேகம் போகும்.

இந்த இடத்தில் குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கவரில் அச்சான முகம் குப்பைக்கும் போகும், காலடியிலும் கிடக்கும். வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இது பொறுக்காது. அவர்கள் தயக்கம் நியாயமானது. முகத்தைப் பெயர்ப்பலகைக்கும் பெட்டிக்கும் வைத்துக்கொண்டு, தூக்கியெறியும் சின்னக் கவருக்குக் கண்ணாடியும் பென்சிலும் மட்டும் சேர்ந்த சிறு குறியைப் போடலாம். அப்படியானால் அந்தக் குறியும் வேலையில் சேரும் என்று கடிதத்தில் இருக்க வேண்டும், கூலியும் அதற்கேற்பப் பேசப்பட வேண்டும்.

வேலை நடக்கும் வரிசையையும் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. முதலில் பென்சில் ஓவியங்கள் சில. அவற்றில் ஒன்றைத் தேர்ந்த பிறகு சுத்தமான கோடு, பிறகு நிறம், கடைசியில் பாத்திரம் நிற்கும், சுட்டிக்காட்டும், கும்பிடும் நிலைகள். திருத்தம் இரண்டு அல்லது மூன்று சுற்று என்று வைப்பது வழக்கம். முகத்தைப் பற்றிய திருத்தமெல்லாம் பென்சில் நிலையிலேயே முடிந்துவிட வேண்டும். ஆறு நிலைகளும் வரைந்த பிறகு ‘மூக்கு சரியில்லை’ என்றால் ஆறையும் மாற்ற வேண்டியிருக்கும். ஓவியத்தைப் பெயர் சொல்லாமல் பழைய வாடிக்கையாளர் நான்கு பேரிடம் காட்டி ‘இது யார்?’ என்று கேட்பது நல்ல சோதனை. குடும்பத்தார் எதிர்பார்ப்போடு பார்ப்பதால் எல்லாவற்றிலும் அவரையே காண்பார்கள். பதில் தயங்கி வந்தால், ‘ஏதோ குறையுது’ என்று டிசைனருக்கு எழுதாமல், ‘புருவங்களுக்கு நடுவில் இடைவெளி அதிகம்’ என்று எழுத வேண்டும்.

கடைசியாக உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே பிரிவு எடுத்துக்கொள்கிறது. எண்ணெயைச் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் வந்தாக வேண்டும். சின்னத்தை வணிகக் குறியாகப் பதிவு செய்யப் போகும்போது, 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும் தெரிந்திருக்க வேண்டும். உயிரோடிருப்பவருடனோ, விண்ணப்பத்துக்கு முந்தைய 20 ஆண்டுக்குள் காலமானவருடனோ பொய்யான தொடர்பைக் காட்டுவதாகக் குறி தோன்றினால், அவரின் அல்லது சட்டப்படியான வாரிசுகளின் எழுத்துபூர்வ சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம். அப்பாருவுக்கு மூன்று பிள்ளைகள் இருந்து, கடை ஒருவர் வழியில் வந்திருந்தால், மற்ற இருவரின் சம்மதக் கடிதத்தை வேலை தொடங்கும் முன்பே வாங்கி வைப்பது நல்லது.

வேலை முடிந்து வாங்கும்போது ஜேபெக் படம் மட்டும் போதாது. எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் கோடு உடையாத வெக்டர் கோப்பு, பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒற்றை நிற வடிவம், பயன்படுத்திய நிறங்களின் எண்கள் ஆகிய நான்கும் கையில் வந்த பிறகுதான் மீதிப் பணம் என்று கடிதத்திலேயே எழுதிவிடலாம். வெக்டர் என்று வருவது சில சமயம் உள்ளே சாதாரணப் படத்தை ஒட்டிய கோப்பாக இருக்கும். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பென்சில் முனையைப் பார்த்தால், கோடு கூராகவே இருக்கிறதா, கட்டம் கட்டமாக உடைகிறதா என்பது தெரிந்துவிடும்.