தொண்டை வலிக்கு எப்போது ஆன்டிபயாடிக்?

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்குப் பயன்படாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாதான் காரணமா என்று கணிக்க, 1981-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் சென்டாரின் குழு நான்கு அடையாளங்களை வகுத்தது: 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், இருமல் இல்லாமை, டான்சிலில் வீக்கம் அல்லது சீழ், கழுத்தின் முன்புறம் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பின்னர் வயதும் சேர்ந்தது: 3 முதல் 14 வரை ஒன்று கூடும், 45 முதல் ஒன்று குறையும்.

எட்டு வயதுச் சிறுமிக்குக் காய்ச்சல், நெறிக்கட்டு, கூடவே இருமல், டான்சில் இயல்பு. மொத்தம் 3 புள்ளி. உடனே மருந்து வேண்டாம். பஞ்சுக்குச்சியால் தொண்டையில் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். பாக்டீரியா உறுதியானால்தான் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின். இதே அறிகுறிகளுடன் வரும் 50 வயதுக்காரருக்கு 1 புள்ளிதான், பரிசோதனையே தேவைப்படாது.

வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாவிட்டாலும், மூச்சுத் திணறினாலும் புள்ளிக் கணக்கு பொருந்தாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.