கிழிந்த இடத்தில் என்ன எழுதுவது?

வளைகுடாவில் வேலை செய்பவர் தன் பிள்ளையை அழைத்துக்கொள்ளப் பிறப்புச் சான்றிதழின் அரபி மொழிபெயர்ப்பு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து கைபேசிப் படம் வருகிறது. பெயர் ஆங்கிலத்தில் 'செல்வ' வரை தெரிகிறது. மீதி மடிப்பில் கிழிந்துவிட்டது. பாலினம் இருக்கும் வரியைப் பிடித்தவரின் கட்டைவிரல் மறைக்கிறது. பிறந்த ஆண்டில் 201 இருக்கிறது. கடைசி இலக்கம் படத்துக்குள் விழவில்லை.

செல்வமாக இருக்கலாம், செல்வராணியாகவும் இருக்கலாம். 'பிறந்தவர்' என்று தமிழில் பொதுவாகச் சொல்லிவிடலாம். அரபியில் ஆணுக்கு மவ்லூத், பெண்ணுக்கு மவ்லூதா. மகன் இப்ன், மகள் இப்னா. செல்வம் என்று ஊகித்துவிட்டால் அந்த ஒரு ஊகம் பக்கம் முழுக்க ஆண்பால் விகுதியாகப் பரவும். படிக்கும் அதிகாரிக்கு எது தாளில் இருந்தது, எது மொழிபெயர்த்தவர் சேர்த்தது என்று தெரியாது. அப்பாவே போனில் பெயரைச் சொன்னாலும் அது தாளில் இருப்பதாக ஆகிவிடாது.

அதனால் சதுர அடைப்புக்குள் காரணத்தை எழுத வேண்டும்: கிழிந்திருந்தால் முமஸ்ஸக், படத்தில் வெட்டுப்பட்டிருந்தால் மக்தூ, மறைந்திருந்தால் முகத்தா. எழுத்து இருந்தும் படிக்க முடியாவிட்டால் கைர் மக்ரூ. பழைய அரபிச் சுவடிகளைப் பதிப்பிப்பவர்களும் எழுதப்படாத இடத்தை 'மூலத்தில் வெற்றிடம்' என்றே குறிக்கிறார்கள். பால் தெரியாத இடத்தில் வினையை விட்டுவிட்டு 'தாரீக் அல்-விலாதா', அதாவது 'பிறந்த தேதி', என்று பெயர்ச்சொல்லில் எழுதலாம். அதில் ஆண், பெண் இல்லை.

ஆண்டில்தான் அதிகம் சறுக்கும். அரபி வலமிருந்து இடம் போகும். எண்கள் மட்டும் இடமிருந்து வலம். 201-க்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி தட்டினால், திரையில் அது பெரும்பாலும் 201-க்கு இடப்பக்கம் போய் நிற்கும். முதல் இலக்கம்தான் காணவில்லை என்று படிப்பவர் நினைப்பார். 'கடைசி இலக்கம் வெட்டுப்பட்டுள்ளது' என்று சொற்களிலேயே எழுதிவிடுவது நல்லது.

காரணத்தைப் பிரித்துச் சொல்வதில் இன்னொரு பலன் உண்டு. வெட்டுப்பட்டதும் மறைந்ததும் படத்தின் குறை; தாளை மேசையில் வைத்து, நான்கு ஓரமும் தெரிய மறுபடி எடுத்தால் தீர்ந்துவிடும். கிழிந்தது தாளின் குறை. ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே வேறு படம் கேட்பதுதான் முறை.

புதுப் படம் வருகிறது. ஆண்டு 2016, பாலினம் பெண். இனி மவ்லூதா என்று தயங்காமல் எழுதலாம். பெயர் மட்டும் 'செல்வ [முமஸ்ஸக்]' என்றே நிற்கிறது. கீழே பதிவாளரின் குறிப்பில் 'செல்வராணி' என்று முழுப்பெயர் இருந்தால்கூட மேலே அடைப்பு அப்படியே இருக்கும். கீழே உள்ளது கீழே உள்ளபடி பெயர்க்கப்படும். அப்படி இல்லையென்றால், பதிவு அலுவலகத்தில் புதிய நகல் வாங்கி வரவேண்டும் என்பது அந்த அடைப்பைப் பார்த்ததுமே அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.