தவணை முடிந்தும் பணம் போகிறதா? மேண்டேட்டை நிறுத்துங்கள்

ராஜபாளையத்தில் தவணைக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். உங்கள் சேமிப்புக் கணக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் உள்ளது. மாதம் 5-ம் தேதி 3,150 ரூபாயை நிதி நிறுவனம் கணக்கிலிருந்து எடுக்கிறது. 12 தவணையும் கட்டியாயிற்று. ஆனாலும் கணக்கில் அந்த அனுமதி உயிரோடு இருக்கலாம். காரணம், நீங்கள் கையெழுத்திட்ட மேண்டேட்டில் முடிவுத் தேதி பல ஆண்டுகள் தள்ளியும், எடுக்கக்கூடிய உச்சத் தொகை தவணையை விட அதிகமாகவும் எழுதப்பட்டிருக்கும்.

முதலில் இது எந்த வகை என்று பாருங்கள். நீங்களே உங்கள் வங்கிக்கு, "மாதந்தோறும் இவ்வளவு அனுப்பு" என்று சொல்லியிருந்தால் அது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன். வேறொரு நிறுவனம் வந்து எடுத்துக் கொள்ள அனுமதித்திருந்தால் அது மேண்டேட். பாஸ்புக்கில் அந்த வரியில் `ACH` அல்லது `NACH` என்று இருந்தால் மேண்டேட்தான். ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் `UMRN` என்ற, எழுத்துகளும் எண்களும் கலந்த 20 இட அடையாளம் உண்டு. நெட் பேங்கிங்கில் மேண்டேட் பகுதியில் அதைக் காணலாம். இல்லையென்றால் கிளையில் கேளுங்கள்.

இப்போது நோட்பேடைத் திறந்து இப்படி டைப் செய்யுங்கள்:

"எனது கணக்கு எண் ... மீது ... நிறுவனத்திற்கு அளித்த மேண்டேட்டை (`UMRN` ...) இன்று முதல் ரத்து செய்யவும். இனி இதன் பேரில் பணம் எடுக்க அனுமதிக்க வேண்டாம். ரத்து செய்த தேதியை எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

இரண்டு பிரிண்ட் எடுத்து, தேதியும் கையெழுத்தும் இட்டு, ஒன்றைக் கொடுங்கள். மற்றொன்றில் முத்திரையும் பெற்ற தேதியும் வாங்குங்கள். கிளைக்குப் போக முடியாவிட்டால், வங்கியில் பதிவான உங்கள் இமெயிலிலிருந்து அனுப்புங்கள். அடுத்த 5-ம் தேதிக்குச் சில வேலை நாட்கள் முன்பே கொடுப்பது நல்லது. நிறுவனம் ஏற்கெனவே அனுப்பிவிட்ட கோரிக்கையைக் கடைசி நாளில் தடுப்பது கடினம்.

"அந்த நிறுவனத்திடமிருந்து கடிதம் கொண்டு வாருங்கள்" என்று கிளையில் சொல்லலாம். செக்குக்கு 'ஸ்டாப் பேமென்ட்' கொடுப்பது போல, வாடிக்கையாளர் தன் மேண்டேட்டைத் திரும்பப் பெறலாம். அதற்கு எதிர் நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. முத்திரை, கடிதம் கிடைத்ததற்கு மட்டுமே சாட்சி; ரத்தானதற்கு அல்ல. `UMRN`-ம் ரத்துத் தேதியும் உள்ள பதில் வரும் வரை விடாதீர்கள். 30 நாட்களில் பதில் இல்லையென்றால் `cms.rbi.org.in` தளத்தில் ஓம்பட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை: கடன் பாக்கி இருக்கும்போது மேண்டேட்டை நிறுத்தினால் கடன் தீராது, அபராதமும் வட்டியும் ஏறும். கடன் முடிந்ததற்கான சான்றிதழை வாங்கிய பிறகே கடிதம் எழுதுங்கள்.